மூங்கில் கூரையும் பூச்சிக் காப்பும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வருகிற அளவுகள் எல்லாம் ஒரே வீட்டை வைத்துச் சொன்னவை. 12 அடி அகலம், 18 அடி நீளம், சீமெந்துக் கல் சுவர், நடுவில் ஒரு குறுக்குச் சுவர், இரண்டு பக்கமும் சரியும் தகரக் கூரை. நம்ம பக்கத்தில் குறைந்த காசில் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் தொடங்குகிறார்கள். உங்கள் வீடு இதைவிடப் பெரிது, அல்லது நடுச்சுவர் இல்லை என்றால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக் கொண்டு போக வேண்டாம், வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

பனை நிக்கிற ஊரில மூங்கில் ஏன்?

நல்ல முற்றிய பனஞ்சிலாகை உங்களுக்குக் கிடைக்குமென்றால் அதையே போடுங்கள், இதற்கு மேல் வாசிக்கத் தேவையில்லை. முற்றிய பனையின் வெளிப்பக்கக் கறுப்பு வைரத்தைக் கறையான் லேசில் தொடாது, மருந்தும் வேண்டாம். பிரச்சினை என்னவென்றால் போர்க் காலத்தில் பங்கருக்கென்று தறித்த பனை கொஞ்சநஞ்சமில்லை, இப்போது தறிக்க அனுமதி வேண்டும், அறுத்த சிலாகையின் விலையும் ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே மூங்கில் இரண்டாவது தெரிவாக வருகிறது, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் இரண்டையும் கலக்கலாம். முகட்டு வளையும் சுவரின் மேல் வைக்கிற வளையும் பனையில் இருக்கட்டும், கைமரமும் அதற்கு மேல் குறுக்கே ஓடுகிற சிலாகையும் மூங்கிலில் இருக்கட்டும். முகட்டு வளை நடுச்சுவரிலிருந்து முகப்புச் சுவர் வரை 9 அடிக்குத் தாங்கல் இல்லாமல் நிற்கிறது, கூரைப் பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அதன் மேல்தான் இறங்குகிறது, அந்த இடத்தில் ஒற்றை மூங்கில் போதாது. பனை கிடைக்கவே இல்லையென்றால் மூன்றரை அங்குல மூங்கில் இரண்டை ஒன்றோடொன்று ஒட்ட வைத்து இரண்டடிக்கு ஒருதரம் கட்டி முகடாகப் போடலாம். பொருத்து நடுச்சுவருக்கு மேலேதான் வர வேண்டும், வேறெங்கும் வரக்கூடாது.

எந்த மூங்கில் நல்லது? எங்கே எடுக்கலாம்?

நம்ம சுண்ணக்கல் மண்ணில் மூங்கில் காடு கிடையாது. ஒன்றிரண்டு வளவில் அழகுக்கு நட்ட மஞ்சள் மூங்கில் நிற்கும், அது ஒரு கூரைக்குக் காணாது. லொறியில் தெற்கிலிருந்தும் மலைநாட்டுப் பக்கமிருந்தும் வருவதைத்தான் வாங்க வேண்டும். வருவதில் அதிகம் சாதாரண மஞ்சள் அல்லது பச்சை மூங்கில். பேராதனைப் பூங்காவில் பார்த்திருப்பீர்களே, தொடையளவு பெருத்த இராட்சத மூங்கில், அது இந்தக் கூரைக்குத் தேவையில்லாத பாரம்.

சாதாரண மூங்கிலில் ஒரு குறை உண்டு. அதில் மாச்சத்து கூட, அதனால் வண்டு முதலில் அதைத்தான் தேடி வரும். அப்படியென்றால் வாங்கக் கூடாதா? வாங்கலாம், மருந்து ஊறப்போடாமல் கூரையில் ஏற்றக் கூடாது.

வயது மூன்றிலிருந்து ஐந்துக்குள் இருக்க வேண்டும். ஒரு வயதுத் தடி பளபளவென்று பச்சையாக, கணுவில் பழைய மடல் ஒட்டிக்கொண்டு இருக்கும், காய்ந்தால் சுருங்கிச் சப்பிப் போகும். முற்றியதில் மினுக்கம் போயிருக்கும், மேல்தோலில் வெள்ளையும் சாம்பலுமாகப் பாசித் திட்டு இருக்கும், மடல் ஒன்றும் இராது. கத்திப் பிடியால் தட்டிப் பாருங்கள், இளசு மந்தமாகச் சத்தம் போடும், முற்றியது கணீரென்று கேட்கும். கைமரத்துக்கு நுனிப்பக்கமே மூன்று அங்குலமாவது இருக்க வேண்டும், சுவர்த் தடிப்பு எட்டு மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. சிலாகைக்கு இரண்டு அங்குலம் போதும். வளைந்த தடியை விலை குறைத்துத் தந்தாலும் எடுக்காதீர்கள், தகரம் போடும்போது தெரியும் அதன் அருமை. ஆற்றங்கரைப் புதரில் நீங்களே வெட்டுகிற யோசனை இருந்தால் முதலில் அந்தப் பகுதிப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள், கரை அரிக்காமல் இருக்க விட்டு வைத்தவை நிறைய.

தேய்பிறையில வெட்டினா உளுக்காது எண்டு அப்பு சொல்லுவார். உண்மையோ?

பிறையை விடப் பருவம் முக்கியம். குருத்து விடுகிற காலத்திலும் அதற்குச் சற்று முன்பும் தாய்த்தடியில் மாச்சத்து ஏறி நிற்கும், அப்போது வெட்டினால் எந்தப் பிறையும் காப்பாற்றாது. நீங்கள் வெட்டாமல் லொறியில் வாங்குகிறீர்கள் என்றால் அது எப்போது வெட்டியது என்பதே பெரும்பாலும் தெரியாது.

ஆனால் பார்த்துவிடலாம். பார்மசியில் காயத்துக்குப் பூச விற்கிற அயடினில் இரண்டு துளியைப் புதிதாக வெட்டிய முனையில் விடுங்கள். அயடினின் மண்ணிறமே நின்றால் மாச்சத்து குறைவு. கருநீலமாக மாறினால் உள்ளே மா நிறைந்திருக்கிறது, வண்டுக்கு விருந்து. வாங்கும் இடத்திலேயே நாலைந்து தடியில் இதைச் செய்து பார்க்கலாம், விற்கிறவர் முறைத்தாலும் பரவாயில்லை.

மூங்கிலைச் சாப்பிடுறது என்ன? எல்லாத்துக்கும் ஒரே மருந்தோ?

மூன்று எதிரிகள். மூன்றையும் குழப்பிக் கொள்வதால்தான் அரைவாசிப் பேர் தவறான மருந்துக்குக் காசு கொடுக்கிறார்கள்.

முதலாவது உளுக்கிற சின்ன வண்டு. அரிசியை விடச் சிறிது, கபில நிறம். வெட்டு முனையாலும், கிளை வெட்டிய வடுவாலும், தோல் உரிந்த இடத்தாலும் உள்ளே போகும், ஏனென்றால் வெளித்தோல் வழுவழுப்பும் கடினமும், அதைத் துளைப்பது அதற்குச் சிரமம். காலையில் எழும்பிப் பார்த்தால் பாய் மேல் கோதுமை மா தூவியது போல ஒரு சின்னக் குவியல் இருக்கும், நேர் மேலே பார்த்தால் குண்டூசித் தலையளவு ஓட்டை தெரியும். இது தேடி வருவது மாச்சத்தை.

இரண்டாவது கறையான். இது மாச்சத்துக்காக வருவதில்லை, நாரையே தின்னும். நிலத்திலிருந்து சுவர் வழியாக மண்கோடு போட்டுக்கொண்டு ஏறும். மா கொட்டாது, உள்ளே மண் அடைத்திருக்கும், விரலால் அழுத்தினால் தோல் மட்டும் மிஞ்சியிருப்பது தெரியும்.

மூன்றாவது உக்கல். அது பூஞ்சணம், பூச்சி இல்லை. ஈரம் இல்லாமல் வராது. மேல்தோலில் சாம்பல் பூத்தது போல வருவது வெறும் பூஞ்சணம்தான், துணியால் துடைத்தால் போகும். ஆனால் தடி கறுத்து, நகத்தால் கீறினால் பொருபொருவென்று வந்தால் அது உக்கல், அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும்.

போராக்ஸும் போரிக் அசிட்டும் சேர்த்த கரைசல் மூன்றுக்கும் பிடிக்கும். ஒரு நிபந்தனையோடு: மழை படுகிற இடத்திலும் மண்ணில் தொடுகிற இடத்திலும் அந்த உப்பு கழுவுப்பட்டுப் போய்விடும். கூரைக்குக் கீழே காய்ந்த இடத்தில் நின்றால்தான் பலன். முற்றத்தில் நடுகிற தூணுக்கு இது சரிவராது.

அண்ணை, பழைய எஞ்சின் ஒயில் பூசினாக் காணாதோ?

காணாது. மூங்கிலின் வெளித்தோலில் மெழுகும் மணல்சத்தும் இருக்கிறது, தண்ணீரையே உள்ளே விடாது, ஒயிலை எங்கே விடும்? நீங்கள் பூசியது மேலேயே நிற்கும், வண்டு வெட்டு முனையால் உள்ளே போய்விடும். மண்ணெண்ணெய், டீசல், தார், எல்லாம் இந்தக் கதைதான். கூடவே வீட்டுக்குள் மணம், தூசி ஒட்டல், தீப்பிடித்தால் இன்னும் மோசம். முனையை மட்டும் தாரில் தோய்க்கிறார்கள் சிலர், அது ஈரத்தைக் கொஞ்சம் தடுக்கும், வேறொன்றும் இல்லை.

அடுப்படிக் கூரை மட்டும் வருடக்கணக்கில் உளுக்காமல் நிற்பதைப் பலர் சொல்வார்கள். அது உண்மைதான். விறகடுப்புப் புகை நாள்தோறும் காயவைக்கிறது, கரியும் படிகிறது. காஸ் அடுப்புக்கு மாறிய வீட்டில் அந்தக் காப்பும் போய்விட்டது.

கடல் தண்ணியில, குளத்தில ஊறப் போட்டாச் சரிதானே? ஓலைக்கு அப்பிடித்தான் செய்யிறம்.

கிடுகு பின்ன ஓலை ஊறப்போடுவதை நினைத்துக் கேட்கிறீர்கள். மூங்கிலையும் ஒன்று இரண்டு மாதம் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தால் மாச்சத்தும் சர்க்கரையும் கரைந்து வெளியே வரும், தண்ணீர் நாறும், அதுவே வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். வண்டு குறையும். கறையானுக்கும் உக்கலுக்கும் இதனால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் நாரில் நஞ்சு எதுவும் சேரவில்லை, சாப்பாடு மட்டும் குறைந்திருக்கிறது.

கடல்நீரில் இன்னொரு சிக்கல். உப்பு தடிக்குள் தங்கி, மாரிக் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நீங்கள் போடுகிற போல்ட்டும் கட்டுக்கம்பியும் துருப்பிடித்துப் போகும். கடலோரம் வீடு என்றால் ஏற்கெனவே தகரம் துருவோடு போராடுகிறது, உள்ளேயும் உப்பை ஏற்ற வேண்டாம். மருந்துக்குக் காசே இல்லை என்றால் குளத்து நீர் அல்லது கிணற்றுத் தொட்டி நீர், அதுவும் வாரத்துக்கு ஒருதரம் தண்ணீர் மாற்றி.

சரி, போராக்ஸ் மருந்து வீட்டிலேயே செய்யலாமோ? படிப்படியாச் சொல்லுங்கோ.

செய்யலாம். வெங்காரம் என்று நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் போராக்ஸைத் தருவார்கள், ஆனால் கிலோக் கணக்கில் வேண்டுமென்றால் விவசாய மருந்துக் கடையில் அல்லது இரசாயனப் பொருள் விற்கிற இடத்தில் கேளுங்கள். போரிக் அசிட் என்பது கரம் விளையாடும்போது பலகையில் தூவுகிற பவுடர்தான், அதுவும் மூட்டையில் வாங்கினால் மலிவு.

இந்த வீட்டுக்கு 16 கைமரம், இரண்டு துண்டு மேலதிகமாக வையுங்கள். சிலாகைக்கு 11 அடித் துண்டு 16. கைமரத்தை ஒன்பதரை அடியாக அறுத்த பிறகுதான் ஊறப்போட வேண்டும், ஊறிய பிறகு அறுத்தால் புது முனை மருந்தில்லாமல் திறந்து கிடக்கும். ஆகவே நீளம், வெட்டு, போல்ட் ஓட்டை எல்லாம் முடிந்த அளவுக்கு முன்கூட்டியே.

அடுத்தது உள்ளே இருக்கிற கணுத்தட்டுகளை உடைப்பது. 16 மில்லிமீற்றர் இரும்புக் கம்பி ஒன்றை 12 அடிக்கு எடுத்து முனையைக் கூராக்கி, தடிக்குள் விட்டுக் குத்திக்கொண்டே போங்கள். ஒவ்வொரு தட்டும் உடையும்போது கை அதிர்ந்து தெரியும். மூங்கில் மருந்தை உள்சுவராலும் முனையாலும்தான் குடிக்கும், வெளித்தோலால் குடிக்காது. இந்த வேலையை விட்டுவிட்டு வெறுமனே தொட்டிக்குள் போட்டால் இரண்டு முனையும் மட்டும் நனையும், நடு அப்படியே வண்டுக்கு.

தொட்டி 12 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டு அடி உயரம். கல்லை அடுக்கி உள்ளே தடித்த பொலித்தீன் இரண்டு மடிப்பு விரித்தால் போதும், கீழே கூரான கல் இல்லாமல் மணல் போடுங்கள். 14 அங்குலம் வரை நிரப்பினால், உள்ளே 18 கைமரம் இருக்கும்போது, ஏறத்தாழ 500 லீற்றர் கரைசல் தேவை. 100 லீற்றர் தண்ணீருக்கு 2 கிலோ போரிக் அசிட், 3 கிலோ போராக்ஸ் என்பது கணக்கு, ஆக 10 கிலோவும் 15 கிலோவும். பச்சைத் தண்ணீரில் கொட்டினால் கீழே படிந்து கல்லாகும். பீப்பாவில் தண்ணீரைச் சூடாக்கி, இரண்டையும் சேர்த்துக் கிளறிக் கரைத்த பிறகு தொட்டிக்குள் ஊற்றுங்கள். இரண்டும் சேர்ந்திருக்கும்போது தனித்தனியாகக் கரைவதை விட நன்றாகக் கரையும்.

தடிகளை ஒரு பக்கம் சற்றுத் தாழ்த்தி இறக்குங்கள், உள்ளே இருக்கிற காற்று குமிழியாக வெளியேறும் வரை ஆட்டுங்கள், பிறகு மேலே பலகை வைத்துக் கல்லால் அமத்துங்கள். மிதக்கிற தடி பாதிதான் குடிக்கும். இரண்டு வாரம் விடுங்கள். புதிதாக வெட்டியதற்கு ஒரு வாரமும் போதும், ஆனால் லொறியில் வந்தது எத்தனை நாள் காய்ந்தது என்று தெரியாததால் இரண்டு வாரம். முதல் தொகுதி வெளியே வந்ததும் குறைந்த அளவுக்கு அதே விகிதத்தில் கரைசல் சேர்த்து, கூடவே ஒரு கிலோ போரிக், ஒன்றரைக் கிலோ போராக்ஸ் போட்டு, சிலாகைத் துண்டுகளை இறக்குங்கள், ஏனென்றால் பச்சைத் தடியின் சாறு வெளியே வந்து கரைசலை ஐதாக்கியிருக்கும்.

இது குடிக்கிற தண்ணீரில்லை. கையுறை போடுங்கள், தொட்டியைத் தறப்பாளால் மூடி ஓரத்தில் கல் வையுங்கள், ஆடும் நாயும் பிள்ளைகளும் வராத இடமாக இருக்கட்டும். கர்ப்பிணிகள் இந்தப் பவுடரைக் கையாளக் கூடாது.

உள்ள போச்சுதோ இல்லையோ எண்டு எப்பிடித் தெரியும்?

மஞ்சளால். ஒரு துண்டை நடுவில் அறுத்துக் காயவையுங்கள். அறுத்த முகத்தில் சாராய ஸ்பிரிட்டில் ஊறிய மஞ்சள் சாற்றைப் பூசிக் காயவிட்டு, அதன் மேல் ஐதரோக்குளோரிக் அமிலத்தோடு சலிசிலிக் அமிலம் கரைத்த கரைசலைத் தடவ வேண்டும். போரன் இருக்கிற இடம் சிவக்கும், இல்லாத இடம் மஞ்சளாகவே நிற்கும். சிவப்பு உள்சுவரிலிருந்து வெளித்தோல் வரை பரவியிருந்தால் நல்லது. உள்ளோரத்தில் மட்டும் ஒரு மெல்லிய வளையம் என்றால் இன்னும் ஒரு வாரம் ஊற வேண்டும். அமிலம் கையாளும் பகுதியை வீட்டில் செய்யாதீர்கள், பக்கத்துப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியரிடம் துண்டைக் கொண்டு போய்க் கொடுத்தால் சந்தோசமாகச் செய்து தருவார். பிள்ளைகளுக்கும் ஒரு பாடம்.

மிஞ்சின தண்ணியை எங்க ஊத்துறது?

இதை யாரும் கேட்பதில்லை, எனக்கு இதுதான் பெரிய கவலை. நம்ம நிலத்தடி நீர் சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள்தான் நிற்கிறது, மேலே ஊற்றியது மண்ணில் வடிகட்டுப்படாமல் கிணற்றுக்குப் போய்விடும். பயிர்களில் போரனைத் தாங்காத வகையில் முன்வரிசையில் நிற்பவை வெங்காயமும் முந்திரிகையும், அதாவது நம்மவர் வயிற்றுப் பிழைப்பு. பாசன நீரில் ஒரு லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் கூட இல்லாத அளவிலேயே அவற்றுக்குப் பாதிப்புத் தொடங்கும். உங்கள் தொட்டியில் லீற்றருக்குக் கிட்டத்தட்ட 50 கிராம் உப்பு இருக்கிறது, கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆகவே ஊற்றாதீர்கள். கரைசல் கெட்டுப் போகாது, அடுத்த வீட்டுக்காரருக்கு அப்படியே கொடுக்கலாம், நாலு குடும்பம் சேர்ந்து ஒரு தொட்டி வைத்தால் செலவும் பங்காகும். கடைசியில் மிஞ்சுவதை மழையில்லாத மாதத்தில் திறந்த தொட்டியில் வற்ற விட்டால் உப்பு படியும், அதைச் சுரண்டி எடுத்து மூடி வைத்து அடுத்த முறை பாவிக்கலாம்.

காயவைக்கிறதுக்கு வெயிலில போட்டா கெதியில முடியாதோ?

முடியும், வெடித்தும் போகும். சோளகம் அடிக்கிற மாதங்களில் காற்று வறண்டு வேகமாக வீசும்போது நிழலில் இருந்தாலே தடி நீளத்துக்கு விரியும், வெயிலும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். தொட்டியிலிருந்து எடுத்ததும் ஒரு வாரம் அடுக்கித் தறப்பாளால் மூடி வையுங்கள், மருந்து உள்ளே இன்னும் பரவும். பிறகு கொட்டிலின் நிழலில், காற்று நேரே படாத பக்கம், நிற்க வைத்துச் சாத்தி மூன்று நான்கு வாரம், இடையிடையே சுற்றி வையுங்கள். ஈரமாகவே கூரையில் கட்டினால் காயும்போது தடி சுருங்கும், நீங்கள் இறுக்கிய கட்டு எல்லாம் தளரும்.

கூரைச் சட்டத்தை எப்பிடி அடிக்கிறது?

12 அடி அகலத்துக்கு முகடு சுவரிலிருந்து 3 அடி உயரட்டும். கைமரம் சுவர் வரை 6 அடி 8 அங்குலம் வரும், தாழ்வாரம் இரண்டு அடி வெளியே நீட்டினால் மொத்தம் 9 அடி, வெட்டு விளிம்புக்கு அரை அடி கூட வைத்து ஒன்பதரை. இதற்குக் குறைந்த தாழ்வாரம் வேண்டாம், மாரி மழை சரிவாக அடிக்கும்போது சுவரும் மூங்கில் முனையும் நனையும்.

வீட்டு நீளம் 18 அடி, முகப்பில் இரு பக்கமும் ஒன்றரை அடி நீட்டினால் 21. மூன்று அடிக்கு ஒரு சோடிக் கைமரம் என்றால் எட்டுச் சோடி. முகட்டில் இரண்டு கைமரமும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் கடந்து முகட்டு வளையின் மேல் தங்க வேண்டும், 10 மில்லிமீற்றர் போல்ட் ஒன்றால் இரண்டையும் பிணைத்து, பிறகு இரண்டையும் முகட்டு வளையோடு கட்டுங்கள். வெட்டு முனை எப்போதும் ஒரு கணுவுக்கு அப்பால் இரண்டு அங்குலத்தில் முடிய வேண்டும், கணு இல்லாத முனை போல்ட் இறுகும்போது பிளக்கும். தட்டை உடைத்துவிட்டதால் கணு சற்று பலவீனம்தான், போல்ட் போகிற இடத்தில் மட்டும் உள்ளே பழந்துணியைத் தடுப்பாக வைத்துச் சீமெந்துச் சாந்து அடைத்துக் கெட்டிப்படுத்துங்கள்.

சுவர் வளையில் கைமரம் உட்காரும் இடத்தில் ஓடாவிகள் வழக்கமாகக் கைமரத்தின் அடியில் ஒரு கொத்து வெட்டுவார்கள். மரத்துக்கு அது சரி. மூங்கிலில் வெட்டினால் அந்த இடத்தில் பாதிச் சுவர் போய்விட்டது, கொஞ்ச நாளில் அங்கேயே சப்பும். அதற்குப் பதில் சரிவுக்கேற்ற மரக்கட்டை ஒன்றைச் சுவர் வளையில் அடித்து அதன் மேல் முழு மூங்கிலையும் உட்கார வையுங்கள்.

சிலாகை ஒவ்வொரு பக்கமும் நான்கு வரிசை, 3 அடி இடைவெளி. 11 அடித் துண்டு இரண்டை ஒரு அடி மேலேறக் கைமரத்தின் மேல் சேர்த்துக் கட்டினால் 21 அடி. தகரத்தை ஆணியால் அடிக்காமல், சிலாகையைச் சுற்றி வளைத்துப் பிடிக்கிற கொக்கிப் போல்ட்டால் இறுக்குங்கள், ரப்பர் வாசரோடு.

ஆணி அடிச்சா என்ன?

பிளக்கும். துளை போட்டு அடித்தாலும் காற்றில் தகரம் ஆடிஆடி அந்தத் துளை நீண்டு வெடிப்பாகிவிடும். ட்றில்லால் துளைத்துப் போல்ட், அல்லது கட்டு. கட்டுக்கு நாகம் பூசிய கம்பி நல்லது. தும்புக் கயிறு அழகு, ஆனால் தளரும், வருடம் ஒருதரம் இறுக்கக் கூடியவர் மட்டும் பாவிக்கலாம்.

பெரிய காத்துக்கு நிக்குமோ?

பாரத்தால் விழுகிற கூரையை விடப் பறந்து போகிற கூரைதான் நம்ம பக்கம் அதிகம். ஒரு கைமரத்தின் பங்கு 27 சதுர அடி, அதாவது இரண்டரைச் சதுர மீற்றர். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் காற்று அடித்தால் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 100 கிலோ மேல்நோக்கி இழுக்கும். ஆக ஒரு கைமரத்தில் 250 கிலோ இழுவை, அந்தப் பங்குத் தகரமும் மூங்கிலும் சேர்ந்த நிறையோ 30 கிலோ அளவுதான். மிச்சத்தை யார் பிடிப்பது? கட்டுகள்தான்.

அதனால் சுவரின் தலையில் கொன்கிறீட் பெல்ட் போடும்போதே ஒவ்வொரு கைமரத்துக்கும் நேரே 6 மில்லிமீற்றர் கம்பி ஒன்றை ஆங்கில யூ வடிவில் வளைத்துக் கொன்கிறீட்டுக்குள் புதைத்து விடுங்கள், இரண்டு காலும் மேலே நிற்கட்டும். பிறகு அது சுவர் வளையையும் கைமரத்தையும் சேர்த்துச் சுற்றி முறுக்கப்பட வேண்டும். சுவர் வளையோடு மட்டும் கைமரத்தைக் கட்டி, வளையைச் சுவரோடு கட்டாமல் விட்ட கூரைகள் வளையோடு சேர்ந்து முழுதாகத் தூக்கி எறியப்படும். தாழ்வாரத்தை இரண்டடிக்கு மேல் நீட்ட ஆசைப்பட்டால் அந்த ஆசையையும் காற்றுக் கணக்கில் சேருங்கள், காற்று முதலில் பிடிப்பது அதைத்தான்.

எவ்வளவு காலம் தாங்கும்?

மருந்தில்லாத மூங்கில் மண்ணில் நட்டால் ஒன்றிலிருந்து மூன்று வருடம், கூரைக்குக் கீழே நாலிலிருந்து ஏழு. மருந்து ஊறிக் காய்ந்த இடத்தில் நின்றால் பத்துப் பதினைந்து வருடம் எதிர்பார்க்கலாம். ஒழுக்கு ஒன்று தொடர்ந்து ஒரே கைமரத்தில் விழுந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. மாரி தொடங்க முன் ஒருதரம் ஏறி, தகரக் கொக்கிகளையும் கட்டுகளையும் பாருங்கள், சுவரில் மண்கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறும்போது கைமரத்துக்கு நேரே பலகை போட்டு மிதியுங்கள், சிலாகை நடுவில் ஆள் நிற்கிற பாரத்துக்கு அது இல்லை.

ஏற்கெனவே கட்டின கூரையில மா கொட்டுது. என்ன செய்யிறது?

முதலில் அந்தத் தடியை விரல் மொழியால் தட்டிக்கொண்டு போங்கள். சத்தம் முழுவதும் ஒரே மாதிரி என்றால் சேதம் குறைவு. ஒரு இடத்தில் பொத்தென்று கேட்டால் அங்கே உள்சுவர் போய்விட்டது, அந்தக் கைமரத்தை மாற்றுங்கள், பக்கத்தில் ஒன்றைத் துணையாகக் கட்டிவிட்டும் எடுக்கலாம்.

சேதம் குறைந்த தடிக்கு ஒவ்வொரு கணு இடைவெளியிலும் மேல்பக்கம் பார்த்து மூன்று மில்லிமீற்றர் துளை ஒன்று, அதற்குள் பெரிய ஊசியால் சூடான கரைசல், கூரையில் இருக்கிற தடி காய்ந்திருப்பதால் உள்சுவர் நன்றாக உறிஞ்சும். இங்கே 5 வீதத்துக்குப் பதில் 10 வீதம் எடுங்கள், ஒருதரம்தானே கொடுக்கிறோம். இரண்டு நாள் கழித்து இன்னொரு தரம் கொடுத்து, துளையை மெழுகால் அடையுங்கள். பழைய மாவை எல்லாம் கூட்டித் துடைத்து, கீழே ஒரு கறுப்புத் துணியை விரித்து வையுங்கள். உள்ளே இருந்த வண்டு கொஞ்சம் வெளியே வரும், முதல் இரண்டு வாரம் மா விழுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு மாதத்துக்குப் பிறகும் புது மா விழுந்தால் எந்தக் கணுவுக்கு நேர் கீழே விழுகிறது என்று துணியில் பார்த்து அந்தக் கணுவுக்கு மட்டும் திரும்பவும் ஊசி போடுங்கள்.